ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைத் துவைப்பது, சோதிப்பது, கழிப்பது: இரவுச் சாலைப் பணிக்கான முழுமையான வழிகாட்டி

நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் தார் போடுபவர்களும், சாலைக்கோடு வரைபவர்களும், தடுப்புக் கூம்புகளை நகர்த்துபவர்களும் அணியும் ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் பெரும்பாலும் கிழிந்த பிறகுதான் மாற்றப்படுகிறது. ஆனால் கிழிவதற்குப் பல வாரங்கள் முன்பே அதன் வெள்ளிப் பட்டை ஒளியைத் திருப்பி அனுப்பும் திறனை இழந்திருக்கக்கூடும். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் இந்த இழப்பின் பெரும்பகுதி தெரியாது. எனவே ஜாக்கெட்டுகளைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள மேற்பார்வையாளர்களையும் கிடங்குப் பொறுப்பாளர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. இரவுப் பணியே இங்கு எடுத்துக்காட்டு என்பதால், பட்டையைப் பற்றி விரிவாகவும் மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணியைப் பற்றிச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

பட்டைக்குள் என்ன இருக்கிறது

ஒரே ஜாக்கெட்டில் இரண்டு வேறு பொருள்கள் இரண்டு வேறு நேரங்களில் வேலை செய்கின்றன. மஞ்சள் அல்லது ஆரஞ்சுத் துணியில் உள்ள ஒளிரும் சாயம், சூரிய ஒளியிலுள்ள புற ஊதா, ஊதா, நீலக் கதிர்களை உள்வாங்கி, அவற்றைக் கண்ணுக்கு எளிதில் புலப்படும் நிறமாக வெளியிடுகிறது. அதனால்தான் அது சாதாரண மஞ்சளைக் காட்டிலும் பளிச்சென்று தெரிகிறது. சூரிய ஒளி இல்லாதபோது இந்தக் கூடுதல் பளிச்சிடல் பெரும்பாலும் இல்லாமல் போகிறது. சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் தேவையான குறு அலைகள் மிகக் குறைவு என்பதால், தெருவிளக்கின் கீழ் நின்றாலும் அந்தத் துணி வெறும் வெளிர் துணியாகவே தெரியும்.

இரவு வேலை முழுவதும் வெள்ளிப் பட்டையைச் சார்ந்தது. பரவலாகப் பயன்படும் பட்டையில் தலைமுடியின் பருமனையொத்த மிக நுண்ணிய கண்ணாடி மணிகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மணியின் பின்பாதியிலும் மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும்; மணிகளைப் பின்புறத் துணியோடு பிடித்து வைப்பது ஒரு பசைப் படலம். வாகன விளக்கின் ஒளி மணியின் முன்புறம் நுழைந்து, வளைந்து, பின்புறத்தில் குவிந்து, அலுமினியத்தில் பட்டு, வந்த திசையிலேயே திரும்புகிறது. இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு: மணியின் முன்பரப்பு தெளிவாக இருக்க வேண்டும், பின்னால் உள்ள அலுமினியம் அரிக்கப்படாமல் இருக்க வேண்டும், பசை மணியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். உரசல் முதலாவதையும் மூன்றாவதையும் கெடுக்கிறது. தவறான துவைப்பு மூன்றையுமே கெடுக்கிறது.

முதற்படி: லேபிளைப் படித்து, அதன் எல்லையைப் புரிந்துகொள்ளுதல்

ஜாக்கெட்டின் உட்புற லேபிளில், தொலைவிலிருந்தே தெரியும் பாதுகாப்பு ஆடைகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 20471 என்ற எண் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எந்தத் தர எண்ணும் இல்லாத ஜாக்கெட்டின் பட்டை புதிதாக இருக்கும்போது எவ்வளவு ஒளியைத் திருப்பியது என்பதை அறிய வழியில்லை. ஆகவே அது எவ்வளவு இழந்தது என்ற கேள்விக்கும் பொருளில்லை. அத்தகைய ஜாக்கெட்டை இரவுப் பணிக்குக் கொடுக்காமல் இருப்பதே என் கருத்து.

இந்தத் தரப்படி, புதிய பட்டை ஒன்று குறிப்பிட்ட கோணத்தில் அளக்கும்போது குறைந்தது 330 என்ற பிரதிபலிப்பு எண்ணைக் காட்ட வேண்டும். உரசல், வளைத்தல், துவைத்தல் முதலிய சோதனைகளுக்குப் பிறகு அது 100-க்குக் கீழே இறங்கக் கூடாது. அதாவது புதிய பட்டையின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மட்டுமே மிஞ்சும் அளவுக்குத் தேய்வது வரை தரமே இடம் கொடுக்கிறது. இந்த 100 என்ற எண்ணையே நாம் கடைசி எல்லையாக எடுத்துக்கொள்ளலாம்.

லேபிளில் உள்ள சலவைக் குறிக்கு அருகே 'அதிகபட்சம் 25 முறை' என்பது போன்ற எண் இருக்கலாம். பலர் இதை ஜாக்கெட்டின் ஆயுள் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியன்று. அந்த எண் சோதனைக்கூடத்தில், குறிப்பிட்ட வெப்பநிலையில், குறிப்பிட்ட சோப்புத்தூளுடன், இயந்திரத்தில் துவைத்துப் பெறப்பட்டது. உரசல் சோதனை வேறு மாதிரித் துண்டில் தனியாக நடக்கிறது: கம்பளித் துணியால் 5000 முறை தேய்க்கிறார்கள். வளைப்புச் சோதனை 7500 முறை மற்றொரு துண்டில் நடக்கிறது. சாலையில் வேலை செய்பவரின் பட்டையோ இவை அனைத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தாங்குகிறது. அதை உரசுவதும் கம்பளி அன்று. மண்வெட்டிக் கைப்பிடியும் ஜல்லித் தூசியும்தான். ஆகவே லேபிளில் 25 என்று இருந்தால், இருபத்தைந்தாவது துவைப்புக்கு மேல் அணியக் கூடாது என்று பொருளே தவிர, அதுவரை நன்றாக இருக்கும் என்ற உறுதி அன்று. லேபிளில் எண்ணே இல்லையென்றால், மிகக் குறைந்த துவைப்புகளுக்கு மட்டுமே, அதாவது ஐந்துக்கு மட்டுமே, சோதிக்கப்பட்டிருக்கலாம் என்று கொள்வது பாதுகாப்பானது.

வாரத்தில் இரண்டு முறை துவைத்தால் 25 துவைப்புகள் மூன்று மாதத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு துவைப்புக்கும் லேபிளின் ஓரத்தில் அழியாத மை பேனாவால் ஒரு கோடு போடுவது எளிய கணக்கு. பதிவேட்டில் எழுதி வைத்தால் எந்த ஜாக்கெட் யாருடையது என்பதிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. கோடு ஜாக்கெட்டிலேயே இருப்பது நல்லது.

இரண்டாம் படி: ஒப்பிடுவதற்கு ஒரு புதிய துண்டை ஒதுக்கி வைத்தல்

ஒவ்வொரு கொள்முதலிலும் ஒரு ஜாக்கெட்டைத் துவைக்காமல், அணியாமல், கறுப்பு உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட வேண்டும். வீண் செலவு என்று கணக்காளர் கேட்பார். ஆனால் இது இல்லாமல் பின்னால் வரும் சோதனைகள் எதற்கும் மதிப்பில்லை. மனிதக் கண் வெளிச்சத்தின் அளவை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மூன்றில் இரண்டு பங்கு திறனை இழந்த பட்டைகூட இருட்டில் டார்ச் அடித்தால் 'மின்னத்தான் செய்கிறது' என்றே தோன்றும். புதியதைப் பக்கத்தில் தொங்கவிட்ட பிறகுதான் வேறுபாடு பட்டென்று தெரியும்.

மூன்றாம் படி: துவைத்தல்

நம் பணியிடங்களில் ஜாக்கெட் பெரும்பாலும் கையால்தான் துவைக்கப்படுகிறது. லேபிளில் உள்ள குறிகள் இயந்திரச் சலவையை எண்ணி எழுதப்பட்டவை என்பதால், துவைகல், பிரஷ், சோப்புக்கட்டி ஆகியவற்றைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. சேதத்தின் பெரும்பகுதி இங்குதான் நேர்கிறது.

முதலில், ஜாக்கெட்டை நன்றாக உதறிக் காய்ந்த தூசியைப் போக்க வேண்டும். கல் தூசியோடு நனைத்துக் கசக்கினால், அந்தத் தூசியே மணிகளின் மீது உப்புத்தாள் போல வேலை செய்யும். பிறகு வெல்க்ரோவையும் ஜிப்பையும் மூடிவிட்டு உட்புறத்தை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். திறந்த வெல்க்ரோவின் கொக்கிப் பக்கம் பட்டையில் உரசினால், ஒரே துவைப்பில் கோடு கோடாகக் கீறல் விழும்.

ஊறவைப்பதுதான் மிகுந்த கவனம் வேண்டிய இடம். சலவைச் சோடா கலந்த தூளும், கடும் அழுக்குக்கென்று விற்கப்படும் தூள்களும் காரத்தன்மை உடையவை. காரம் அலுமினியத்தைக் கரைக்கிறது. சோடாத் தண்ணீரில் ஊறிய அலுமினியப் பாத்திரம் கறுத்துப் போவதைச் சமையலறையில் எல்லோரும் பார்த்திருப்போம். அங்கே உலோகம் தடிமனானது, மேற்பரப்பு மட்டுமே கெடும். மணியின் பின்னால் உள்ள பூச்சோ மிக மெல்லியது. அரிப்பு தொடங்கினால் கண்ணாடி மணி இருக்கும், அதன் பின்னால் ஒளியைத் திருப்பிய உலோகம் இருக்காது. எனவே இரவு முழுவதும் சோப்புத்தூளில் ஊறவைக்கும் பழக்கத்தை இந்த ஜாக்கெட்டுகளுக்கு அறவே விட்டுவிட வேண்டும். காரமில்லாத திரவச் சோப்பை, லேபிள் அனுமதிக்கும் வெப்பநிலைக்கு மிகாத தண்ணீரில் கலந்து, ஊறவைக்காமல் துவைக்க வேண்டும். கைச்சலவைக்குச் சாதாரணத் தண்ணீரே போதும். பிளீச்சிங் பவுடர் பட்டையையும் சாயத்தையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதால் எந்த அளவிலும் கூடாது. வெண்மை கூட்டும் பொருள் கலந்த தூள்களையும் தவிர்ப்பது நல்லது. அவை துணியில் படிந்து, ஒளிரும் சாயத்துக்குத் தேவையான புற ஊதாக் கதிரைத் தாமே உறிஞ்சி நீல நிறத்தைச் சேர்க்கின்றன. துணிக்கு மென்மை தரும் திரவம் மணிகளின் மேல் ஒரு படலமாகத் தங்கும், அதுவும் வேண்டாம்.

துணிப் பகுதியைக் கையால் மெல்லக் கசக்கலாம். பட்டைப் பகுதியை மென்மையான பஞ்சாலோ பழைய பருத்தித் துணியாலோ ஒரே திசையில் துடைக்க வேண்டும். பிரஷ் போடுவதும் துவைகல்லில் அடிப்பதும் மணிகளைப் பசையிலிருந்து பெயர்த்துவிடும். முறுக்கிப் பிழிவதும் அப்படியே: முறுக்கும்போது பட்டை கூர்மையாக மடங்கி, பசைப் படலத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழும், அவை முதலில் குறுக்குக் கோடுகளாகத் தெரிந்து, பிறகு அந்தக் கோடுகளின் ஓரத்தில் மணிகள் உதிரத் தொடங்கும்.

அலசுவதற்கு ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் மட்டுமே கிடைக்கும் இடங்களில் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. சோப்புக்கட்டியும் அந்தத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து பால்போன்ற திரையாகப் பட்டையில் படிகின்றன. பட்டை நல்ல நிலையில் இருந்தும் மங்கலாகத் தெரிந்தால் இந்தத் திரையைச் சந்தேகிக்கலாம். ஒரு விரற்கடை இடத்தை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டுப் பார்த்தால், அந்த இடம் மட்டும் தெளிவது படிவு என்பதற்கு அடையாளம். எலுமிச்சையோ வினிகரோ போட்டுத் தேய்க்க வேண்டாம். அமிலமும் அலுமினியத்தைத் தாக்கும். கடைசி அலசலை மட்டுமாவது உப்பில்லாத தண்ணீரில் செய்தால் பெரும்பாலும் போதும்.

தார்க் கறையைப் போக்க டீசலும் மண்ணெண்ணெயும் போட்டுத் தேய்ப்பது சாலைப் பணியாளர்களிடையே சாதாரணம். அவை பசைப் படலத்தை இளக்கி மணிகளைத் தளர்த்திவிடக்கூடியவை. பட்டையில் தார் பட்டுவிட்டால் அந்த இடத்தை இழந்ததாகக் கணக்கில் எழுதிவிடுவதே சரி. சுத்தம் செய்யப் போய்ச் சுற்றியுள்ள இடத்தையும் இழக்க வேண்டியதில்லை.

காயவைப்பது நிழலில், ஹேங்கரில். கடும் வெயிலில் நாள் முழுவதும் தொங்கினால் வெளுப்பது துணியின் சாயம்தான். ஒளிரும் சாயங்கள் மற்றச் சாயங்களைவிட வெயிலை மிகக் குறைவாகவே தாங்கும். இஸ்திரிப் பெட்டி பட்டையின் மேல் படக் கூடாது.

நான்காம் படி: உரசும் இடங்களைத் தேடிப் பார்த்தல்

துவைப்பினால் வரும் தேய்வு பட்டை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும். உரசலால் வரும் தேய்வு இடம் பார்த்து விழும், அந்த இடங்களும் வேலையைப் பொறுத்து மாறும். சிமெண்ட் மூட்டையோ கூம்புகளோ சுமப்பவருக்குத் தோளின் உச்சி முதலில் போகும். லாரியின் பின்கதவில் சாய்ந்து ஜல்லி தள்ளுபவருக்கு வயிற்றுப் பட்டையின் முன்பகுதி போகும். கை வீசி நடப்பவர் எல்லோருக்கும் அக்குளுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுப் பகுதி மெல்ல மெல்லத் தேயும். உயரப் பணிக்கான பாதுகாப்புக் கச்சையை ஜாக்கெட்டின் மேல் அணிந்தால், கச்சை வார் பட்டையை மறைப்பதோடு அடியில் அரைத்துக்கொண்டும் இருக்கும்.

அடையாளம் காண்பது கடினமன்று. வெள்ளிச் சாம்பல் நிறம் போய் அடியில் உள்ள துணியின் நெசவு தெரிந்தால் அங்கே மணிகளே இல்லை. விரலால் தேய்க்கும்போது சாம்பல் நிறத் தூள் ஒட்டினால் மணிகள் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. நிறம் சீராகவே இருந்து இருட்டில் மட்டும் மங்கலாக இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டிருக்கலாம். இந்த மூன்றாவது வகைதான் பகலில் ஏமாற்றுவது, அதற்காகவே அடுத்த படி.

ஐந்தாம் படி: இருட்டில் சோதித்தல்

பட்டை ஒளியை வந்த வழியே திருப்புகிறது என்பதால், டார்ச் கண்ணுக்கு மிக அருகில் இருந்தால்தான் திரும்பும் ஒளி கண்ணில் விழும். இடுப்பருகே டார்ச்சைப் பிடித்துப் பார்ப்பவருக்குப் புதிய பட்டைகூட மங்கலாகவே தெரியும். தரச் சோதனை விளக்குக்கும் கண்ணுக்கும் இடையே 0.2 பாகைக் கோணத்தில் நடக்கிறது. 15 மீட்டர் தொலைவில் இது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் இடைவெளி. ஆகவே டார்ச்சைப் பொட்டோடு ஒட்டி, கண்ணின் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

ஜாக்கெட் முழுவதுமாகக் காய்ந்திருக்க வேண்டும். மணிகளின் மேல் தண்ணீர் நிற்கும்போது ஒளி வளையும் அளவு குறைந்து, குவியும் இடம் மணிக்குப் பின்னால் தள்ளிப் போகிறது. நல்ல பட்டையும் அப்போது மங்கும். மழையில் பணி செய்வோர் இதை நினைவில் வைப்பது நல்லது, ஆனால் சோதனைக்கு ஈரம் குழப்பமே தரும்.

வேறு வெளிச்சமில்லாத கிடங்கிலோ வளாகத்திலோ, சோதிக்க வேண்டிய ஜாக்கெட்டையும் ஒதுக்கி வைத்த புதிய ஜாக்கெட்டையும் நெஞ்சு உயரத்தில் அடுத்தடுத்துத் தொங்கவிட வேண்டும். 15 மீட்டர் தள்ளி நின்று, இரண்டின் மீதும் ஒளி சமமாக விழும்படி டார்ச் அடித்து ஒப்பிட வேண்டும். கையெட்டும் தூரத்தில் நின்று சோதிப்பது பயனற்றது. அவ்வளவு அருகில் செத்த பட்டையும் மின்னும்.

கண்ணை நம்ப விரும்பாதவர் கைப்பேசியைப் பயன்படுத்தலாம். பெரும்பாலான கைப்பேசிகளில் ஃபிளாஷும் லென்ஸும் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ளன. 5 மீட்டர் தொலைவில் இது தரச் சோதனையின் கோணத்துக்கு ஏறத்தாழ ஒத்துவருகிறது. இரு ஜாக்கெட்டுகளும் ஒரே படத்தில் வர வேண்டும். புதிய பட்டை வெறும் வெள்ளையாகப் பொங்கி வழியாத அளவுக்கு வெளிச்ச அளவைக் குறைத்துப் படமெடுக்க வேண்டும். இல்லையென்றால் புதியதும் பழையதும் ஒரே வெள்ளையாகத் தெரியும். படத்தில் புதிய பட்டை பளிச்சென்றும் பழையது மந்தமான சாம்பலாகவும் இருந்தால், அந்தப் பகுதியைக் கழித்துவிட வேண்டும். இது சோதனைக்கூடக் கருவியின் அளவீட்டுக்கு ஈடாகாது. ஐயத்துக்குரியதைப் பிரித்தெடுக்க மட்டும் உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கார் ஓட்டுநரின் கண் முகப்பு விளக்குக்கு அரை மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. லாரி ஓட்டுநரின் கண் ஒன்றரை மீட்டர் அளவுக்கு மேலே இருக்கக்கூடும். ஆகவே ஒரே தொலைவில் ஒரே பட்டை லாரி ஓட்டுநருக்கு மங்கலாகவே தெரியும். டார்ச் சோதனையில் 'பரவாயில்லை' என்று தோன்றும் பட்டையை லாரிகள் ஓடும் சாலைக்கு நான் அனுப்பமாட்டேன்.

ஆறாம் படி: பரப்பைக் கணக்கிட்டு முடிவெடுத்தல்

பட்டையும் ஒளிரும் துணியும் எவ்வளவு பரப்பு இருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்தத் தரம் ஜாக்கெட்டுகளை வகுப்புகளாகப் பிரிக்கிறது. அதில் இரண்டாம் வகுப்பு ஜாக்கெட்டுக்குத் தரம் கேட்கும் குறைந்த பட்டைப் பரப்பு 0.13 சதுர மீட்டர், அதாவது 1300 சதுர சென்டிமீட்டர். பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர் என்றால், குறைந்தது 260 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். இதை வைத்து ஒரு ஜாக்கெட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

உடலைச் சுற்றி 110 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு பட்டைகளும், தோள்களின் மேல் 45 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு பட்டைகளும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 310 சென்டிமீட்டர், பரப்பு 1550. புதிதாக இருக்கும்போது தேவையைவிட 250 சதுர சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளது. இருட்டுச் சோதனையில் இரு தோள் உச்சிகளிலும் தலா 15 சென்டிமீட்டரும், வயிற்றின் முன்பகுதியில் 25 சென்டிமீட்டரும், இரு பக்கவாட்டிலும் தலா 8 சென்டிமீட்டரும் செத்திருப்பது தெரிகிறது. கூட்டினால் 71 சென்டிமீட்டர். மீதம் 239 சென்டிமீட்டர், பரப்பு 1195. துணி கிழியவில்லை, துவைப்புக் கோடுகள் பன்னிரண்டுதான், பெரும்பகுதி பட்டை இன்னும் மின்னுகிறது. ஆனாலும் இந்த ஜாக்கெட் இப்போது இரண்டாம் வகுப்புக்குரிய பரப்பைத் தரவில்லை. தேய்ந்த இடத்தைக் கழித்துக் கணக்கிடும் இந்த முறை தரத்தில் எழுதப்பட்டதன்று. பணியிடத்தில் முடிவெடுக்க நான் பின்பற்றும் வழி. பரப்பு போதுமானதாக இருந்தாலும், ஒரு பக்கம் முழுவதும் செத்திருந்தால் அந்த ஜாக்கெட்டைக் கழித்துவிட வேண்டும். வாகனம் எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

செத்த இடத்தின் மேல் கடையில் வாங்கிய பட்டையைத் தைத்துச் சரிசெய்யலாமா என்று கேட்பார்கள். தைத்தால் லேபிளில் உள்ள சான்று அந்த ஜாக்கெட்டுக்குப் பொருந்தாது. ஒட்டிய பட்டையின் தரமும் தெரியாது. உற்பத்தியாளரே செய்து கொடுத்தால் அன்றி வேண்டாம்.

பகல் பணிக்கான துணி

துணியின் சோதனை எளிது. காலையில் நிழலான வெளிச்சத்தில், ஒதுக்கி வைத்த புதிய ஜாக்கெட்டின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் படும் தோளையும் வெயில் படாத பையின் உட்பகுதியையும் ஒரே ஜாக்கெட்டில் ஒப்பிட்டாலும் தெரியும். மஞ்சள் வெளிறித் தன் மின்னலை இழந்து மந்தமாவதும், ஆரஞ்சு வெளுத்து மங்குவதும் சாயம் சிதைந்ததற்கு அடையாளம். துவைத்தும் போகாத தூசியும் தாரும் நிறத்தை மறைப்பது அதே விளைவையே தரும். அழுக்கான ஜாக்கெட்டைத் துவைக்காமல் வைத்துப் பட்டையைக் காப்பாற்ற நினைப்பதும் பயனற்றது, ஏனென்றால் பட்டையையும் அதே அழுக்குதான் மூடியிருக்கிறது. ஒருவருக்கு இரண்டு ஜாக்கெட்டுகள் கொடுத்து மாற்றி மாற்றி அணியச் செய்தால், ஒவ்வொன்றுக்கும் விழும் உரசல் பாதியாகும். நிழலில் நிதானமாகக் காயவும் நேரம் கிடைக்கும்.

கழித்த ஜாக்கெட்டின் பட்டைகளைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும். வெட்டாமல் போட்டால், புதிய ஜாக்கெட் கிடைக்காத யாரோ ஒருவர் அதை எடுத்து அணிந்துகொண்டு அடுத்த இரவு சாலையில் நிற்பார்.